தூங்கும் முன் தலையை முட்டும் குழந்தை

விளக்கை அணைத்துப் படுக்க வைத்த சிறிது நேரத்தில் ‘தொப், தொப்’ என்று ஒரு சத்தம் சீராகக் கேட்கத் தொடங்கும். ஒன்றரை வயதுக் குழந்தை நாலுகாலில் எழுந்து நின்று, முன்னும் பின்னுமாக அசைந்து, நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். அழுகை இல்லை, கோபம் இல்லை. கண்கள் பாதி சொருகியிருக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் இப்படியே முட்டிவிட்டு, அப்படியே சரிந்து தூங்கிப் போகும். மறுநாள் இரவும் இதே கதைதான்.

முதன்முறையாக இதைப் பார்க்கும் தாய்க்கு அடிவயிறு கலங்கிவிடும். மூளை கலங்கிவிடுமோ, வலிப்போ, ஆட்டிசமோ என்று ஒவ்வொரு பயமாக வரிசையில் வந்து நிற்கும். வீட்டுப் பெரியவர்கள் கண் பட்டிருக்கிறது என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பல் முளைக்கிறது என்பார். கைபேசியில் தேடினால் பத்து நோய்களின் பெயர் வந்து விழும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவற்றில் எதுவுமே இல்லை. ஆனால் ‘பெரும்பாலான’ என்ற சொல்லை மட்டும் நம்பி ஒரு தாய் நிம்மதியாகத் தூங்க முடியாது. தன் குழந்தை அந்தப் பெரும்பாலோரில் ஒன்றா என்று அவளே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி வேண்டும். வழி இருக்கிறது, அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

இந்த அசைவு மூன்று விதமாக வரும். நாலுகாலிலோ உட்கார்ந்தோ உடல் முழுவதையும் முன்னும் பின்னும் ஆட்டுவது ஒன்று. மல்லாந்து படுத்துத் தலையை இடவலமாக உருட்டுவது இன்னொன்று. தலையணையிலோ மெத்தையிலோ சுவரிலோ தலையை மோதுவது மூன்றாவது. சில குழந்தைகள் இரண்டைச் சேர்த்துச் செய்யும். கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் முனகும் குழந்தைகளும் உண்டு. உடலை ஆட்டுவது பொதுவாக 6 மாத வாக்கிலும், தலையை முட்டுவதும் உருட்டுவதும் 9, 10 மாத வாக்கிலும் தொடங்கும். குழந்தை நாலுகாலில் நிற்கப் பழகும் பருவமும் இதுவே. வேகம் கிட்டத்தட்ட ஒரு நொடிக்கு ஒரு அசைவு. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஒருமுறை தொடங்கினால் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் அறுநூறு முட்டு. பெற்றோர் பதறுவதில் ஆச்சரியமே இல்லை.

எத்தனை குழந்தைகள் இப்படிச் செய்கின்றன? இதைப் பொறுமையாகத் தொடர்ந்து கவனித்தவர் ஸ்வீடன் மருத்துவர் கிளாக்கென்பெரி. ஸ்டாக்ஹோம் பகுதிக் குழந்தைகளைப் பிறந்தது முதல் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, 1971இல் அவர் வெளியிட்ட கணக்கை இன்றும் மருத்துவ நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. 9 மாதக் குழந்தைகளில் 59 சதவீதம் பேரிடம் இந்த மூன்று அசைவுகளில் ஏதேனும் ஒன்று இருந்தது. பாதிக்கும் மேல்! தலையை முட்டியவை மட்டும் 22 சதவீதம். 18 மாதத்தில் மொத்த அளவு 33 சதவீதமாகக் குறைந்தது. 5 வயதில் 5 சதவீதம்தான் மிஞ்சியது. பெற்றோரைக் கேட்டுத் திரட்டிய இத்தகைய கணக்குகளில் லேசாக ஆடிய குழந்தைகளும் சேர்ந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 525 ஆரோக்கியமான குழந்தைகளைப் பற்றி 1978இல் வந்த ஆய்வில், தலையை முட்டும் பழக்கம் ஏறத்தாழ 5 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. எண்ணிக்கை எப்படி மாறினாலும் இரண்டு விஷயங்கள் மாறவில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் இது சாதாரணம். வயது ஏற ஏறத் தானாகக் குறைகிறது.

ஏன் முட்டுகிறது? முழுமையான விடை இன்னும் இல்லை என்றாலும், வலுவான விளக்கம் உட்செவியை நோக்கிப் போகிறது. உடல் எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் சமநிலை உறுப்பு அங்கேதான் இருக்கிறது. சீரான ஆட்டம் அந்த உறுப்பு வழியாக மூளையை அமைதிப்படுத்துகிறது. ஜெனிவா பல்கலைக்கழகத்தில் 2011இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டக்கூடிய ஒரு படுக்கையில் பெரியவர்களைப் பகலில் தூங்கச் செய்து, நாலு நொடிக்கு ஒருமுறை மெதுவாக ஆட்டினார்கள். ஆடாத படுக்கையில் தூங்கியதைவிட அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்தும் தூங்கினார்கள். இதைக் கேட்டு நம் வீட்டுப் பாட்டிகள் வியக்கப் போவதில்லை. உத்தரத்தில் புடவையைக் கட்டித் தூளியில் ஆட்டித் தூங்க வைத்தவர்கள் அவர்கள்.

தூளி என்றதும் ஒரு கேள்வி எழும். தூளியில் ஆட்டிப் பழக்கியதால்தான் குழந்தை இப்போது தானாக ஆடுகிறதா? தூளியே இல்லாத ஸ்வீடனில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஆடியிருக்கின்றன என்பதை நினைத்தால், தூளிமேல் பழி போட முடியாது. தூளியிலிருந்து மெத்தைக்கு மாற்றிய பிறகு பெற்றோர் இதைக் கவனிக்கத் தொடங்குவது இயல்பு. அதுவரை ஆட்டத்தை வேறொருவர் தந்தார். இப்போது தூக்கத்துக்குள் நுழைய வேண்டிய வேலையைக் குழந்தை தானே செய்துகொள்கிறது.

தாய்மார் இன்னொரு பழியையும் சுமந்திருக்கிறார்கள். இந்த அசைவை 1905இல் வியன்னாவின் ஜாப்பெர்ட், பிரான்சின் க்ரூஷே என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே பதிவு செய்தார்கள். அதன் பிறகு வந்த உளப்பகுப்பாய்வாளர்கள் சிலர், குறிப்பாக 1940களில் ரெனே ஸ்பிட்ஸ், குழந்தையின் ஆட்டத்தைத் தாயின் நடத்தையோடு முடிச்சுப் போட்டார்கள். அன்பு கிடைக்காத குழந்தை தன்னைத்தானே ஆட்டிக்கொள்கிறது என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது. கவனிப்பாரற்ற விடுதிகளில் வளர்ந்த குழந்தைகள் பகலெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அதை வைத்து, அம்மா மடியில் வளர்ந்து, பகல் முழுக்க விளையாடிவிட்டு, இரவில் பத்து நிமிடம் ஆடும் குழந்தையையும் அளந்தது அநியாயம். “நீ வேலைக்குப் போனதால்தான் பிள்ளை சுவரில் முட்டுது” என்று இன்றும் ஒரு வீட்டில் யாராவது சொன்னால், அது தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். சில குடும்பங்களில் இது பரம்பரையாகவே வருகிறது. அப்பாவோ சித்தப்பாவோ சிறு வயதில் முட்டியவராக இருப்பார்.

அடுத்த பயம், தலையில் அடி. சத்தத்தைக் கேட்டால் மண்டை உடைந்துவிடும் போலத்தான் இருக்கும். ஆனால் மரப்பலகையும் உள்ளே வெற்றிடமான கட்டிலும் ஒலியைப் பெருக்கிக் காட்டுகின்றன. சத்தத்தை வைத்து விசையை அளக்க முடியாது. சில அங்குலத் தூரத்துக்குள், தன் கழுத்தாலும் உடலாலும் குழந்தை தானே கட்டுப்படுத்திச் செய்யும் அசைவு இது. வலித்தால் விசையைக் குறைக்கும், மெத்தை பக்கம் நகரும். ஆரோக்கியமான, இயல்பாக வளரும் குழந்தைக்கு இதனால் மூளைக் காயம் ஏற்படுவது மிக மிக அரிது. நெற்றியில் சிவப்பு, லேசான வீக்கம், முடி கொஞ்சம் உதிர்வது, தோல் தடிப்பது ஆகியவைதான் வழக்கமாகக் காணும் தடயங்கள். மருத்துவ இதழ்களில் பதிவான கடுமையான காயங்கள் அபூர்வமானவை. அசைவு மிக வன்முறையாக இருந்தவர்களிடம் நேர்ந்தவை. காயம்பட்ட நெற்றி மறுபடி மறுபடி புண்ணானால், அல்லது ரத்தம் வந்தால், கதை வேறு. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பார்க்கலாம். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து நான் அமைத்த ஒரு சித்திரம் இது. ஒரு குழந்தைநல மருத்துவர் இதை எப்படி அணுகுவார் என்பது இதில் தெரியும்.

பையனுக்கு 16 மாதம். ஒரு வயது வரை தூளி, பிறகு சுவரோரம் போட்ட கட்டிலில் அம்மா பக்கத்தில் படுக்கை. இரண்டு மாதமாகத் தினமும் முட்டுகிறான். அம்மாவும் பாட்டியும் அழைத்து வருகிறார்கள். அம்மா கையில் கைபேசியில் எடுத்த வீடியோ இருக்கிறது. மருத்துவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கிளினிக் மேஜையில் உட்கார்ந்து எந்தக் குழந்தையும் முட்டிக் காட்டாது.

வீடியோவில் பையன் நாலுகாலில் இருக்கிறான். முப்பது நொடியில் இருபத்தெட்டு முட்டு. கடிகாரம்போல ஒரே சீர். கையும் காலும் விறைக்கவில்லை, முகம் ஒரு பக்கம் இழுக்கவில்லை, கண் மேலே செருகவில்லை.

“நடுவுல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா என்ன பண்றான்மா?”

“திரும்பிப் பார்ப்பான் டாக்டர். சில நேரம் சிரிப்பான். அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிடுவான்.”

“தூக்கிட்டா?”

“உடனே நின்னுடும். ஆனா கீழே விட்டா அழுவான், திரும்ப முட்டுவான்.”

“பகல்ல, விளையாடும்போது?”

“பகல்ல கிடையாது. மத்தியானம் தூங்குறதுக்கு முன்னாடி மட்டும் ரெண்டு நிமிஷம் ஆடுவான்.”

இந்த மூன்று பதில்களிலேயே முக்கால்வாசி விடை வந்துவிட்டது. அழைத்தால் நிற்கிறது, மறுபடி தொடர்கிறது, விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே வருகிறது, சீர் மாறவில்லை. வலிப்பை அழைத்து நிறுத்த முடியாது. தூக்கியதும் அது நிற்காது.

மருத்துவர் அடுத்துப் பகல் பக்கம் போகிறார். பையன் காக்கையைப் பார்த்து விரல் நீட்டிக் காட்டுகிறானா? காட்டுகிறான், காட்டிவிட்டு அம்மா பார்க்கிறாளா என்று திரும்பியும் பார்க்கிறான். பேர் சொன்னால் திரும்புகிறான். அம்மா, தாத்தா, பா, வா, இன்னும் ஒன்றிரண்டு சொல் பேசுகிறான். டாட்டா காட்டுகிறான். நடக்கத் தொடங்கிவிட்டான். குறட்டை இல்லை. கற்றவை எதையும் மறக்கவில்லை. காதுக்குள் கருவி வைத்துப் பார்க்கிறார். சீழோ சிவப்போ இல்லை. நெற்றியில் ஒரு சிறிய தடிப்பு மட்டும்.

அப்போதுதான் பாட்டி வாய் திறக்கிறார். “இவன் அப்பனும் இப்படித்தான் டாக்டர். ரெண்டரை வயசு வரைக்கும் முட்டுவான். நான் சொன்னா யார் கேக்குறா?” மருத்துவர் அதையும் குறித்துக்கொள்கிறார். அது வெறும் ஆறுதல் பேச்சில்லை, நோய் வரலாற்றில் ஒரு வரி.

தூக்க நேரத்தைக் கேட்கும்போது இன்னொன்று தெரிகிறது. எட்டு மணிக்குப் படுக்க வைக்கிறார்கள், பையன் தூங்குவது ஒன்பதே காலுக்கு. காலை ஆறே முக்காலுக்கு எழுகிறான். மதியம் இரண்டரையிலிருந்து ஐந்து வரை தூக்கம். கூட்டினால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் போதும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. ஆக, தூக்கத்துக்குக் குறைவில்லை. தூக்கம் வராத குழந்தையை ஒன்றே கால் மணி நேரம் இருட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தை அவன் முட்டி முட்டிக் கழிக்கிறான்.

முடிவு: தூக்கத்துக்கு முந்தைய சீரசைவு, கோளாறு இல்லை. ஸ்கேன் வேண்டாம், மூளை அலைப் பரிசோதனை வேண்டாம், மருந்து வேண்டாம். மதியத் தூக்கத்தை மூன்றரைக்குள் முடிக்க வேண்டும். தற்போதைக்கு ஒன்பது மணிக்குப் படுக்க வைக்க வேண்டும். படுத்த இருபது நிமிடத்துக்குள் தூங்கிவிடும் நிலை ஒரு வாரம் தொடர்ந்தால், பதினைந்து பதினைந்து நிமிடமாக முன்னுக்குக் கொண்டுவரலாம். கட்டிலைச் சுவரிலிருந்து விலக்க வேண்டும், அல்லது மெத்தையைத் தரையில் போட வேண்டும்.

மருத்துவர் ‘கோளாறு இல்லை’ என்று எப்படிப் பிரித்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தூக்க மருத்துவத்தின் சர்வதேச வகைப்பாடு இதில் தெளிவான கோடு ஒன்றைப் போட்டிருக்கிறது. சீரசைவு இருந்தால் மட்டும் நோய் ஆகாது. அது குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும், அல்லது மறுநாள் பகலைப் பாதிக்க வேண்டும், அல்லது உடலில் காயம் உண்டாக்க வேண்டும். தடுக்காவிட்டால் காயம் நிச்சயம் என்ற நிலையும் இதில் சேரும். இவற்றில் ஒன்றாவது இருந்து, வலிப்போ வேறு அசைவு நோயோ காரணம் இல்லை என்று தெரிந்தால்தான் அதற்குக் கோளாறு என்று பெயர். அளவுகோல் குழந்தைக்கு நேரும் விளைவு. முட்டின் வேகமோ எண்ணிக்கையோ அதில் இல்லை. பெற்றோரின் தூக்கம் கெடுவதும் கீழ்வீட்டுக்காரர் வந்து புகார் சொல்வதும் உண்மையான தொல்லைகள்தான். அவற்றுக்குத் தீர்வு தேட வேண்டியதுதான். ஆனால் அவற்றால் குழந்தை நோயாளி ஆகிவிடாது.

கோட்டின் அந்தப் பக்கம் விழும் குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலவற்றில் தாமதம் கூடாது.

எல்லாவற்றிலும் அவசரமானது கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு. பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கும். குழந்தை திடீரெனத் தலையைக் கவிழ்த்து, கைகளை முன்னே விரித்து, வணக்கம் செலுத்துவது போல ஒரு நொடி, இரண்டு நொடி விறைக்கும், விடும், சில நொடி கழித்து மறுபடி விறைக்கும். இப்படி வரிசையாக, முக்கியமாகத் தூங்கி எழும்போது வரும். சீரசைவு ஊஞ்சல்போல இடைவிடாமல் ஓடும்; இது வெட்டு வெட்டாக, ஒவ்வொன்றாக வரும். அழைத்தால் நிற்காது. முடிந்ததும் குழந்தை அழலாம். சிரிப்பு குறைவது, உட்கார்ந்த குழந்தை உட்கார மறப்பது என்று வளர்ச்சி பின்வாங்கும். இந்தச் சந்தேகம் வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில நாள் தாமதம்கூட மூளை வளர்ச்சியில் விலை கேட்கும் வலிப்பு இது.

தூங்கி வெகுநேரம் கழித்து, நள்ளிரவில் திடுக்கென்று எழுந்து, கை கால்களை ஒழுங்கில்லாமல் உதறி, சில நொடிகளில் முடிந்து, ஒரே இரவில் பலமுறை வந்தால் அதையும் வலிப்பாக நினைத்துப் பார்க்க வேண்டும். நடு இரவில் விழித்துச் சில நிமிடம் சீராக ஆடிவிட்டு மீண்டும் தூங்குவது வேறு. அது படுக்கும்போது செய்வதன் தொடர்ச்சிதான்.

இரண்டாவது, திடீரென்று தொடங்கும் முட்டல். நேற்று வரை இல்லாத பழக்கம், காய்ச்சலோடும் அழுகையோடும் காதைப் பிடித்து இழுப்பதோடும் வந்தால் காதில் சீழ் பிடித்திருக்கலாம். இந்த முட்டல் வலியைச் சொல்லும் மொழி. முகம் அமைதியாக இருக்காது என்பதே இதற்கு அடையாளம்.

மூன்றாவது, பகல். பிடித்த பொருள் கிடைக்காத கோபத்தில் தரையில் தலையை மோதுவது ஒன்றரை, இரண்டு வயதில் நிறையக் குழந்தைகள் செய்வது. அது பிடிவாதம் சார்ந்த தனி விஷயம். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம், தூக்கத்தோடு தொடர்பே இல்லாமல், தனியே உட்கார்ந்து ஆடுவதும் முட்டுவதும், கூடவே பேர் சொன்னால் திரும்பாததும், விரல் நீட்டிக் காட்டாததும், பேச்சு வராததும் சேர்ந்தால் வளர்ச்சிப் பரிசோதனை தேவை. இரவு முட்டல் மட்டும் ஆட்டிசத்தின் அறிகுறி ஆகாது. சந்தேகத்தை எழுப்ப வேண்டியது பகலில் குழந்தை மனிதர்களோடு பழகும் விதம். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள்.

அடுத்து வருவது, குறட்டையும் இரும்புச்சத்தும். இரண்டையும் நம் ஊரில் எளிதாகத் தவறவிடுகிறோம். தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கித் தூங்கும் குழந்தைக்குத் தொண்டைச் சதை வளர்ச்சியால் மூச்சு தடைபடலாம். தூக்கம் அடிக்கடி கலையும்போது ஒவ்வொரு முறையும் முட்டல் திரும்பத் தொடங்கும். குறட்டையைச் சரிசெய்தால் முட்டலும் குறையலாம். இரும்புச்சத்துக் குறைவு கால்களில் ஒருவித ஓய்வின்மையை உண்டாக்கும். சில குழந்தைகளிடம் அந்த ஓய்வின்மையோடு சீரசைவும் சேர்ந்து வருகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சோறு ஊட்ட முடியாமல் புட்டியில் மாட்டுப்பால் மட்டும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று குடிக்கும் குழந்தையைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். பால் வயிற்றை நிரப்பிவிடும், இரும்பைத் தராது. முட்டலோடு வெளிறிய உதடும் இரவெல்லாம் புரளலும் இருந்தால், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் என்ற சேமிப்பு இரும்பின் அளவையும் மருத்துவர் பார்ப்பார். ஆனால் இரும்புச் சிரப்பை நீங்களாக வாங்கி ஊற்றக் கூடாது. அளவு மீறினால் அது விஷம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. குழந்தையின் அசைவை நிறுத்துவது உங்கள் வேலையில்லை. அது அசையும் இடத்தைப் பாதுகாப்பாக்குவதே வேலை. கட்டிலின் திருகாணிகளை வாரம் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். தினம் நூற்றுக்கணக்கான அசைவில் அவை தளர்ந்துவிடும்; கழன்ற கட்டில் விழுந்து குழந்தைக்கு அடிபடலாம். சுவரிலிருந்து கட்டிலை ஓரடியாவது தள்ளிப் போட்டால் சத்தமும் குறையும். ஆனால் அந்த இடைவெளியில் குழந்தை சிக்கவோ விழவோ இடம் வைக்கக் கூடாது. உயரக் கட்டிலைவிடத் தரையில் விரித்த கெட்டியான மெத்தையே நல்லது. பலர் செய்யும் தவறு, சுற்றிலும் தலையணையும் மெத்தென்ற திண்டும் அடுக்குவது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அவை மூச்சைத் தடுக்கும் ஆபத்து. முட்டலால் வரும் சிறு வீக்கத்தைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்து. தலைக்கவசம் சாதாரணக் குழந்தைக்குத் தேவையே இல்லை.

கையைப் பிடித்து நிறுத்துவதும் அதட்டுவதும் பயன் தருவதில்லை. முட்டியதும் ஓடி வந்து தூக்கி, பால் கொடுத்து, விளக்கைப் போட்டால், முட்டினால் அம்மா வருவாள் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். அரைத்தூக்கத்தில் தானாக நடந்தது ஒரு அழைப்புமணி ஆகிவிடும். கண்ணில் படாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். பக்கத்தில் படுத்திருப்பவர் பேசாமல் முதுகில் கை வைத்தால் போதும். மாறாக, ஆட்டத்தின் தேவையைப் படுக்கைக்கு முன்பே தீர்த்து வைக்கலாம். மாலையில் ஊஞ்சலில் ஆட்டுங்கள், மடியில் வைத்து ஆடியபடி தாலாட்டுப் பாடுங்கள். எல்லாக் குழந்தைக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு முட்டும் நேரம் குறைகிறது. தூங்க வைப்பதற்காகச் சளி சிரப்பையும் மயக்கம் தரும் மருந்தையும் கொடுப்பது மட்டும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது.

படுக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும் யோசனை மேலோட்டமானதாகத் தெரியலாம். அதன் பின்னால் ஆய்வு இருக்கிறது. இஸ்ரேல் மருத்துவர்கள் 2005இல், முட்டல் கடுமையாக இருந்த ஆறு குழந்தைகளுக்கு மூன்று வாரம் தூக்க நேரத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். விழித்துக்கொண்டு படுக்கையில் கிடக்கும் நேரத்தை ஒழித்து, தூக்கம் கனத்து வரும் வேளையில் மட்டும் படுக்க வைத்தார்கள். முதல் வாரம் மருத்துவக் கண்காணிப்பில் தூக்க மருந்தும் உண்டு. முட்டல் அடங்கியது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இருந்தாலும் காரணம் புரியும்படி இருக்கிறது. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே உள்ள வாசலில்தான் இந்த அசைவு குடியிருக்கிறது. அந்த வாசலில் குழந்தை நிற்கும் நேரம் குறைந்தால் அசைவுக்கு இடம் குறைகிறது. கட்டுப்பாடு என்றால் குழந்தைக்குத் தேவையான மொத்தத் தூக்கத்தை வெட்டுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பகலில் சிடுசிடுப்பும் சோர்வும் வந்தால் நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் நாலு விஷயத்தை எழுதி வையுங்கள்: படுத்த நேரம், முட்டல் தொடங்கிய நேரம், தூங்கிய நேரம், இரவில் விழித்ததும் முட்டியதா என்பது. ஏதாவது ஒரு நாள் அரை நிமிட வீடியோ, குழந்தையின் முகமும் கை கால்களும் தெரியும்படி, நடுவில் பேர் சொல்லி அழைத்து. மருத்துவரிடம் போக நேர்ந்தால் பாதிப் பரிசோதனையை வீட்டிலேயே முடித்துவிட்டீர்கள். போக நேராவிட்டாலும் அந்த நோட்டிலேயே ஓர் ஒழுங்கு தெரியும்: மதியம் அதிகம் தூங்கிய நாளில் முட்டல் நீண்டிருக்கும், பூங்காவில் ஓடியாடிய நாளில் குறைந்திருக்கும், தடுப்பூசி போட்ட அன்றோ ஊர்ப்பயணம் முடிந்து வந்த அன்றோ கூடியிருக்கும்.

பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதுக்குள் இதை விட்டுவிடுகின்றன. பள்ளி போகும் வயதிலும் தொடர்ந்தால், குழந்தைநல மருத்துவரிடமோ தூக்க மருத்துவரிடமோ ஒருமுறை காட்டுவது நல்லது. அப்போதும் காரணம் கெட்டதாகத்தான் இருக்கும் என்றில்லை. பெரியவர்களான பின்னும் தூங்கும் முன் தலையை உருட்டும், மற்றபடி எந்தக் குறையும் இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வயதில் உடல் கனத்திருக்கும், விசை கூடியிருக்கும், உறவினர் வீட்டிலோ பள்ளிச் சுற்றுலாவிலோ தூங்கக் குழந்தைக்கே கூச்சமாக இருக்கும். குறட்டை, இரும்பு, கவனக்குறைவு, மனப்பதற்றம் ஆகியவற்றை அப்போது தேடிப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் இரவு முழுக்க வீடியோவுடன் தூக்கப் பரிசோதனை செய்வார்கள். காயம் ஏற்படுத்தும் அளவுக்குக் கடுமையானால் மட்டும், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மருந்து தருவது உண்டு.